பேட்டில் பட்டதா, பேடில் பட்டதா?

விளையாட்டுச் செய்திப் பிரிவில் சேர்ந்த புதிதில் ஓர் இரவு அவசரமாக ஒரு வரியை அடித்துக் கொடுத்தேன். “பந்து பேட்-ல் பட்டதால் எல்பிடபிள்யூ முறையில் ஆட்டமிழந்தார்” என்று இருந்தது. பக்கம் அச்சுக்குப் போகிற நேரம். மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

“தம்பி, பந்து எதுல பட்டுச்சு?”

“பேடுல சார்.”

“மட்டையிலயா, காலுல கட்டுவாங்களே அதுலயா?”

“காலுல கட்டுறதுதான் சார்.”

“வாயால சரியாத்தானே சொல்றீங்க. அதையே எழுதுங்க.”

சிறுகோட்டையும் ல்-ஐயும் அழித்துவிட்டு ‘பேடில்’ என்று அவரே திருத்தினார். கிரிக்கெட் விதிகளில் 36ஆவது விதி எல்பிடபிள்யூ பற்றியது. பந்து முதலில் மட்டையில் பட்டுவிட்டால் அந்த விதிப்படி அவுட் கொடுக்க முடியாது. ஆக ‘பேட்டில் பட்டது’ என்றால் ஆட்டக்காரர் தப்பித்தார். ‘பேடில் பட்டது’ என்றால் அவர் வெளியேற வாய்ப்பு இருக்கிறது. நான் எழுதியதோ இரண்டில் எது என்றே சொல்லவில்லை. ஆட்டத்தைப் பார்க்காத வாசகருக்கு அந்த வரியில் விஷயமே இல்லை.

அதற்குப் பிறகு செய்தியை விட்டு, கருவிகளுக்கும் செயலிகளுக்கும் வழிகாட்டி எழுதும் வேலைக்கு வந்தேன். ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யோடு வேற்றுமை உருபைச் சேர்க்கும் இந்தச் சிக்கல் கூடவே வந்தது. அதில் ட் என்ற ஒரே எழுத்தில் முடியும் சொற்கள்தான் அதிகம் தொல்லை தருகின்றன. அதனால் அதைப் பற்றித்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

மட்டையும் காலில் கட்டும் காப்பும் ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் வேறுபடுகின்றன, முதல் ஒலியிலும் கடைசி ஒலியிலும். தமிழ் எழுத்தில் முதல் வேறுபாடு போய்விடுகிறது, ஏனென்றால் இரண்டுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே ‘ப’. மிச்சம் இருப்பது கடைசி ஒலி. அதையும் ‘பேட்’ என்று புள்ளி வைத்து நிறுத்திவிட்டால் இரண்டும் ஒரே சொல் ஆகிவிடும். அதன் பின் வருகிற உருபு ஒன்றுதான் இவற்றைப் பிரித்துக்காட்ட முடியும்.

எப்படிப் பிரித்துக்காட்டுகிறது என்றால், இரண்டு உயிர்களுக்கு நடுவே ட தனியாக வந்தால் நாம் மென்மையாகப் படிக்கிறோம். நாடு, பாடம், வாடகை எல்லாம் அப்படித்தான். இரட்டித்து வந்தால் அழுத்திப் படிக்கிறோம், பாட்டு, நாட்டம், வேட்டை என்று. இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்கே வந்துவிடும். எனவே ஆங்கிலத்தில் அழுத்தமான ஒலியில் முடியும் மட்டைக்கு இரட்டித்துப் ‘பேட்டில்’, மென்மையான ஒலியில் முடியும் காப்புக்கு இரட்டிக்காமல் ‘பேடில்’.

இதே போல வேறு இணைகளும் இருக்கின்றன. வெட்டுகிற தகடு பிளேடு, சாப்பிடுகிற தட்டு பிளேட். “பிளேடில் கை படாமல் கழுவவும்” என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பிளேட்டில்’ என்று எழுதினால், எச்சரிக்கை சம்பந்தமில்லாத பொருளுக்குப் போய்விடும். மின்சுற்றுப் பலகை போர்டு, கேபிளைச் செருகும் துளை போர்ட். போர்டில் கேபிளைச் செருக முடியாது, போர்ட்டில்தான் செருக முடியும்.

அந்த மூத்தவர் “வாயால சரியாத்தானே சொல்றீங்க” என்றாரே, அதில்தான் முழு வழியும் இருக்கிறது. பேச்சில் நாம் மார்க்கெட் என்று சட்டென நிறுத்துவது குறைவு. ‘மார்க்கெட்டு’ என்று ஒரு சின்ன உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். தமிழ்ச் சொல்லின் கடைசியில் வரக்கூடிய எழுத்துகள் 24 என்று நன்னூல் சொல்கிறது. 12 உயிர், 11 மெய், ஒரு குற்றியலுகரம். அந்த 11 மெய்யில் க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் வல்லின மெய்யில் முடியும் வேற்றுமொழிச் சொல் வந்தால் வாய் தானாகவே உகரம் சேர்த்து, தனக்குப் பழகிய குற்றியலுகரச் சொல்லாக மாற்றிக்கொள்கிறது. மட்டை ‘பேட்டு’ ஆகிறது, பாட்டு மாதிரி. காப்பு ‘பேடு’ ஆகிறது. இனி உருபு சேர்ப்பது சுலபம். பாட்டை, பாட்டுக்கு, பாட்டில், பாட்டோடு என்றால் பேட்டை, பேட்டுக்கு, பேட்டில், பேட்டோடு.

நான் இன்றும் செய்வது இதுதான். தாளில் ‘போர்ட்’ என்று பார்த்தால், அதை உகரத்தோடு ஒருமுறை வாய்விட்டுச் சொல்வேன். ‘போர்ட்டு’ என்று வந்தால் ‘போர்ட்டில்’. ‘போர்டு’ என்று வந்தால் ‘போர்டில்’. எழுத்தைப் பார்த்து உருபை ஒட்டும்போதுதான் தவறு வருகிறது. ஒலியைக் கேட்டு ஒட்டினால் பெரும்பாலும் வருவதில்லை.

நான்காம் வேற்றுமையில் நடக்கும் பிழைக்கும் காரணம் இதே விட்டுப்போன உகரம்தான். ‘மார்க்கெட்க்கு’, ‘லேப்டாப்க்கு’, ‘வாட்ஸ்அப்க்கு’ என்று இணையச் செய்திகளில் நிறையப் பார்க்கிறேன். வல்லின மெய்க்குப் பின் க்கு நேரடியாக வந்தால் அதைச் சொல்லவே முடியாது. சொல்லிப் பார்த்தால் உகரத்தை நீங்களே சேர்த்துவிடுவீர்கள். மார்க்கெட்டுக்கு, லேப்டாப்புக்கு, வாட்ஸ்அப்புக்கு. ‘மார்க்கெட்டிற்கு’ என்று எழுதுவதும் சரிதான். வழிகாட்டிகளில் எனக்கு ‘உக்கு’தான் பிடிக்கும், படிக்கிறவர் பேச்சுக்கு அது பக்கத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘இரட்டிக்கும்’ என்றதும் பலர் பள்ளியில் படித்த தனிக்குறில் விதியை நினைத்துக்கொள்கிறார்கள். தனிக்குறிலை அடுத்து வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது அது. கல் கல்லை ஆவது போல, பஸ் பஸ்ஸை ஆகும், பில் பில்லை ஆகும், சிம் சிம்மை ஆகும். எந்த மெய்யாக இருந்தாலும் இரட்டிக்கும், ஆனால் முன்னால் இருப்பது ஒரே ஒரு குறிலாக இருக்க வேண்டும். மெயில், ஆபீஸ், டீம் இவற்றில் அப்படி இல்லை, எனவே மெயிலை, ஆபீஸில், டீமுக்கு. மார்க்கெட்டில், லேப்டாப்பில் என்று இரட்டிப்பது இந்த விதியால் அல்ல, ஒலியின் அழுத்தத்தைக் காப்பாற்றுவதற்காக. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்பவர்கள்தான் ஒரு பக்கம் ‘போலீஸ்ஸில்’ என்றும் இன்னொரு பக்கம் ‘மார்க்கெடில்’ என்றும் எழுதுகிறார்கள்.

ஏடிஎம், எஸ்எம்எஸ் போன்ற சுருக்கங்களுக்குத் தனிக்குறில் விதி அழகாகப் பொருந்துகிறது. கடைசியில் நிற்கும் ‘எம்’, ‘எஸ்’ தனித்தனி எழுத்துப் பெயர்கள். அவற்றைத் தனிச் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் டீமில் என்று எழுதுகிற அதே கை ஏடிஎம்மில், எஸ்எம்எஸ்ஸை என்று எழுதுகிறது.

சரி, ட்-க்கு வருவோம். வழிகாட்டி வேலையில் நான் தவறிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். இணையத்தில் பொருள் வாங்கும் ஒரு செயலிக்குத் தமிழ் வரிகள் எழுதினேன். முதல் வரைவில் மூன்று வரிகள் இப்படி இருந்தன:

“பொருளைக் கார்டில் சேர்க்கவும்.”
“கார்டைச் சரிபார்க்கவும்.”
“கார்டிலிருந்து பணம் செலுத்தவும்.”

முதல் இரண்டும் வாங்கும் பொருளைப் போட்டுவைக்கிற வண்டி. மூன்றாவது மட்டும்தான் வங்கி அட்டை. சோதனைக்கு உட்கார்ந்த ஒரு பெண்மணி இரண்டாவது திரையில் நின்றுவிட்டார். “சாமானையே இன்னும் முழுசா எடுக்கல, அதுக்குள்ள எதுக்கு என் கார்டைச் சரிபார்க்கணும்?” என்று கேட்டார். கைப்பையிலிருந்து அட்டையை வேறு எடுத்து வைத்திருந்தார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை, நான் எழுதியதை எழுதியபடியே படித்தார்.

திருத்தம் இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் ஒலியைச் சரிசெய்தேன். கார்ட்டில் சேர்க்கவும், கார்ட்டைச் சரிபார்க்கவும், கார்டிலிருந்து பணம் செலுத்தவும். இலக்கணப்படி இப்போது மூன்றும் சரி. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அடுத்தடுத்த திரையில் ‘கார்ட்டை’, ‘கார்டை’ என்று ஒரே ஒரு புள்ளியெழுத்தில் வேறுபடும் இரண்டு சொற்கள் வந்தால், போனில் சின்ன எழுத்தில் படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். எனவே வண்டியைக் ‘கூடை’ ஆக்கினேன். கூடையில் சேர்க்கவும், கூடையைச் சரிபார்க்கவும். அட்டை ‘கார்டு’ ஆகவே இருந்தது, அதற்கு எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான்.

இணைச் சொற்கள் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தாக வேண்டும் என்றால், ஒன்றைத் தமிழாக்கிவிடுவேன். அது முடியாவிட்டால் முழுப்பெயரை எழுதுவேன். “போர்டில் உள்ள போர்ட்டில்” என்பதற்குப் பதில் “மதர்போர்டில் உள்ள யுஎஸ்பி போர்ட்டில்” என்று எழுதினால், முன்னால் நிற்கும் சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பெயராக நிற்கும்போதும் இந்த வேறுபாட்டைக் காட்டலாம். மென்மையாக முடிவதற்கு டு போட்டு எழுதுவது என் வழக்கம். கார்டு, போர்டு, பிளேடு, பாஸ்வேர்டு. அழுத்தமாக முடிவதற்கு ட். கார்ட், போர்ட், பிளேட், டிக்கெட். சில நாளிதழ்கள் கோர்ட்டு என்றே எழுதுகின்றன. அதிலும் தவறில்லை, பேச்சில் இருக்கும் உகரத்தை அப்படியே வெளியே கொண்டுவருகிறார்கள். எதை எடுத்தாலும் ஒரே பக்கத்தில் ‘பாஸ்வேர்ட்’, ‘பாஸ்வேர்டு’ என்று மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும்.

இந்த ஒலிக்கணக்குக்கு அடங்காத சொல் ஒன்று உண்டு. ரோடு. ஆங்கிலத்தில் மென்மையாக முடிகிறது, எனவே ‘ரோடில்’ என்றுதான் வர வேண்டும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ரோட்டில்தான். காரணம், வீடு வீட்டில் ஆவது போல, காடு காட்டில் ஆவது போல, இதையும் நாம் சொந்தச் சொல்லாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். நெடிலை அடுத்து வரும் டு, வேற்றுமையில் இரட்டிக்கும் என்ற பழைய விதி அதன் மேல் வேலை செய்கிறது. அதைப் பார்த்து மற்றவற்றையும் இரட்டிக்கக் கூடாது. நிரல் எழுதுகிறவர்கள் சொல்லும் கோடு, ‘கோடில் பிழை’ என்றுதான் வர வேண்டும். ‘கோட்டில் பிழை’ என்று எழுதினால் வரைந்த கோட்டில் பிழை என்றாகும், அல்லது மேலே அணியும் கோட்டில் பிழை என்றாகும். டார்க் மோடு ‘மோடில்’, ஆண்ட்ராய்டு ‘ஆண்ட்ராய்டில்’. பிளேடு நம்மிடம் வெகு நாளாக இருக்கிறது, அதுவும் இன்றுவரை பிளேடால்தான், பிளேட்டால் ஆகவில்லை. எனவே ரோட்டை மட்டும் தனியாக மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

க், ப் இரண்டிலும் இந்த வழி அவ்வளவு தூரம் உதவாது. பூட்டு என்ற பொருளில் வரும் லாக், ‘லாக்கை’, ‘லாக்கில்’ என்று சரியாக வந்துவிடும். நிகழ்வுகள் பதிவாகும் லாக்கை என்ன செய்வது? மென்மையாக முடிவதால் ‘லாகில்’ என்று எழுதிப் பார்க்கலாம். ஆனால் உயிர்களுக்கு நடுவில் தனி க வந்தால், பகல், அகம் என்பதில் வருவது போல ஹகரச் சாயலில் படிக்கிறோம். ‘லாஹில்’ என்று காதில் விழும் ஒன்றை யாராலும் அடையாளம் காண முடியாது. அந்த மாதிரி இடத்தில் உருபை அந்தச் சொல்லின் மேல் ஏற்றாமல், பின்னால் இன்னொரு பெயரை நிறுத்தி அதன் மேல் ஏற்றுவேன். “லாக் ஃபைலில் பார்க்கவும்.” ஃபைல் லகர ஒற்றில் முடிகிறது, அதனோடு எந்த உருபும் சிரமமில்லாமல் சேரும். உலாவியில் வரும் டேபும் இப்படித்தான். ‘டேப்பில்’ என்றால் ஒட்டுகிற டேப், ‘டேபில்’ என்றால் கேட்கும்போது மேசை. அங்கே ‘தாவலில்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பின் என்ற ரகசிய எண்ணும் அதே வகை. தனிக்குறில் விதிப்படி ‘பின்னை உள்ளிடவும்’ என்பது சரி, ஆனால் ‘பின் எண்ணை உள்ளிடவும்’ என்பதுதான் முதல் பார்வையிலேயே புரியும்.

ம்-இல் முடியும் சொற்களுக்கு ஒரு வரி போதும். கடைசியில் குறுகிய ‘அம்’ இருந்தால் மரம் போல அத்து வரும். நெடிலோ வேறு ஒலியோ இருந்தால் வராது. ஸ்டேடியத்தில், ஆல்பத்தை, சிஸ்டத்துக்கு, ஆனால் ரூமில், ஃபார்மை, டெலிகிராமில். நாட்டின் பெயர்களும் இதே கணக்குத்தான், பெல்ஜியத்தில், வியட்நாமில். ஆளின் பெயருக்கு மட்டும் அத்து வேண்டாம். வில்லியம் என்பவருக்குக் கொடுத்தால் வில்லியமுக்கு.

சிறுகோடு போட்டு உருபை ஒட்டும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், மென்பொருள் வரிகள் ஒரு முக்கியக் காரணம். அங்கே எந்தச் சொல் வரப்போகிறது என்றே எழுதுகிறவருக்குத் தெரியாது. செயலி ஓடும் நேரத்தில், %s என்று விட்டுவைத்த இடத்தில் பயனர் வைத்த பெயர் வந்து உட்காரும். அதனால் கீழே உள்ள முதல் வரி மாதிரி எழுதுகிறார்கள். இரண்டாவது வரி மாதிரி எழுத முடியும்:

```
"%s-ஐ நீக்கவா?"
"%s என்ற கோப்பை நீக்கவா?"
```

இரண்டாவதில் உருபு ‘கோப்பு’ மேல் இருக்கிறது. எந்தப் பெயர் வந்தாலும், அது எந்த எழுத்தில் முடிந்தாலும், வாக்கியம் நொண்டாது. ஆளுக்கு அனுப்பும் வரி என்றால் “%s என்பவருக்கு அனுப்பப்பட்டது”. கொஞ்சம் நீளும், பொத்தானுக்குள் இடம் போதாமல் போகலாம். அப்போது மட்டும் சிறுகோட்டை விட்டுவைக்கிறேன். ரோமன் எழுத்தில் அப்படியே நிற்கும் சொல்லுக்கும் அது பொருத்தமே, PDF-ஐ என்பது போல. தமிழ் எழுத்தில் முழுதாக எழுதிய சொல்லுக்கு அது தேவையில்லை. ‘கம்ப்யூட்டர்-ஐ’ என்பதைக் ‘கம்ப்யூட்டரை’ என்று எழுத எந்தத் தடையும் கிடையாது. ஒட்டி எழுதினால் இன்னொரு நன்மை, அடுத்து வரும் வல்லினமும் தன் இடத்தில் வந்து நிற்கும். ‘கார்டைச் செருகவும்’, ‘பட்டனைக் கிளிக் செய்யவும்’. சிறுகோடு போட்டவர்கள் பெரும்பாலும் அந்த ஒற்றையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

வேலை முடிந்த கோப்பில் நான் தேடிப் பார்க்கும் துண்டுகள் சில உண்டு. ‘-ஐ’, ‘-ல்’, ‘-க்கு’, அப்புறம் ‘ட்க்கு’, ‘ப்க்கு’, ‘ஸ்க்கு’, ‘ட்ல்’. தமிழ் எழுத்தில் எழுதிய சொல்லோடு இவை சிக்கினால் அந்த இடத்தில் உகரம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது தேவையில்லாத சிறுகோடு நிற்கிறது என்று அர்த்தம். கார்ட்டும் கார்டும் மாறிப்போனதை இந்தத் தேடல் பிடிக்காது, அதற்கு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் என்னிடம் முடிவாகாத சொற்கள் இருக்கின்றன. மெல்லினத்துக்குப் பின் வல்லினம் வந்தால் தமிழில் அது தானாகவே மென்மையாகிவிடும், பங்கு, வண்டு போல. அதனால் லிங்க் என்பதை ‘லிங்கை’ என்று எழுதினால் அழுத்தம் போய்விடுகிறது. ‘லிங்க்கை’ என்று எழுதினால் ஒலி நிற்கிறது, ஆனால் மூன்று மெய்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நான் ‘லிங்க்கை’ பக்கம்தான், முடிந்தபோது ‘இணைப்பை’. பிரிண்ட் விஷயத்தில் ‘பிரிண்டை’ என்று எழுதுவோரும் ‘பிரிண்ட்டை’ என்று எழுதுவோரும் ஒரே அறையில் வேலை செய்கிறார்கள். போன வாரம்கூட ஒரு வழிகாட்டியில் இரண்டும் அடுத்தடுத்த பத்தியில் வந்தன. இரண்டையும் எடுத்துவிட்டு ‘அச்செடுத்த தாளை’ என்று மாற்றி அனுப்பினேன்.